மூன்று மின்விசிறிகளுக்கு ஓர் அட்டவணை: நடு மாதிரியை நேர்மையாக முன்னிறுத்தும் வழி எது?

வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் கடைக்காரர்கள் என்னிடம் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரியானது. "மூன்று மாதிரிகள் வைத்திருக்கிறேன். நடுவில் உள்ளதுதான் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வருகிறவர்கள் விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு போகிறார்கள். இல்லையென்றால் வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர்கள் திரும்புவதில்லை. அட்டவணையை எப்படிப் போட்டால் நடு மாதிரி நகரும்? பிறகு யாரும் வந்து ஏமாற்றிவிட்டாய் என்று சொல்லவும் கூடாது." இந்த இரண்டு விருப்பங்களும் ஒன்றுக்கொன்று பகை என்று பலர் நினைக்கிறார்கள். அட்டவணையை வரையும் முறையைப் பொறுத்துத்தான் அவை பகையாகவோ துணையாகவோ ஆகின்றன. வழக்கத்தில் உள்ள மூன்று முறைகளைக் கூரை மின்விசிறியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே ஒப்பிடுகிறேன்.

மின்விசிறியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இன்று எந்தக் கடையிலும் அது மூன்று படிகளில் கிடைக்கிறது. மூன்றுக்கும் உண்மையான வேறுபாடு இருக்கிறது. அந்த வேறுபாட்டைக் கூட்டிக் கழித்துப் பார்க்கவும் முடிகிறது.

## எடுத்துக்கொண்ட மூன்று மாதிரிகள்

மூன்றும் 1200 மில்லிமீட்டர் விசிறிகள். விலையும் வாட்டும் கடைகளில் காணப்படும் அளவை ஒட்டி நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் கடையின் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

அ மாதிரி பழைய வகை இண்டக்‌ஷன் மோட்டார் கொண்டது. மின்சிக்கன முத்திரையில் ஒரு நட்சத்திரம், முழு வேகத்தில் 52 வாட், விலை 1,700 ரூபாய். ஆ மாதிரி மின்சாரம் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி மோட்டாரும் ரிமோட்டும் கொண்டது. ஐந்து நட்சத்திரம், 30 வாட், விலை 2,900 ரூபாய். இ மாதிரியும் பிஎல்டிசிதான். அத்துடன் வைஃபை இணைப்பு, கைபேசிச் செயலி, நடுவில் ஒரு விளக்கு. 28 வாட், விலை 4,800 ரூபாய்.

## எதை வைத்து எடைபோடுவது

அட்டவணை முறைகளை நான் நான்கு அளவுகோல்களால் பார்க்கிறேன்.

முதலாவது, ஒரு வரிசையில் உள்ள எண்கள் எல்லாம் ஒரே நிலையில் அளக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். ஒன்றை முழு வேகத்திலும் மற்றொன்றை மூன்றாம் வேகத்திலும் அளந்து பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், தனித்தனியே இரண்டும் உண்மையாக இருந்தும் வரிசை பொய்யாகிவிடுகிறது.

இரண்டாவது, அ மாதிரிக்கோ இ மாதிரிக்கோ உரியவர் அந்த அட்டவணையைப் படித்து, "எனக்கு நடுவில் உள்ளது வேண்டியதில்லை" என்று தாமாகவே கண்டுகொள்ள வழி இருக்க வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கும் அளவுகோல் இதுதான்.

மூன்றாவது, நடு மாதிரியை ஏன் முன்னால் நிறுத்தியிருக்கிறோம் என்பதை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொன்ன பிறகும் அவர் அதையே விரும்ப வேண்டும். சொன்னவுடன் கலைந்துவிடும் தூண்டுதல் தந்திரம்தான்.

நான்காவது, விற்ற பிறகு கடைக்கு வரும் செலவு: மாற்றிக் கேட்பவர்கள், பழுதுக்கு அழைப்பவர்கள், "இதைச் சொல்லவில்லையே" என்று வருகிறவர்கள். நடு மாதிரியின் விற்பனை எண்ணிக்கையை மட்டும் பார்க்கும்போது இந்தச் செலவு கண்ணில் படுவதில்லை.

## முதல் வழி: டிக் குறிகளும் வண்ணமிட்ட பத்தியும்

கடைகளிலும் இணையத்திலும் மிகுதியாகக் காண்பது இதைத்தான். இடப்பக்கம் வசதிகளின் பட்டியல், ஒவ்வொரு மாதிரிக்கும் கீழே டிக் அல்லது பெருக்கல் குறி, நடுப் பத்திக்கு மட்டும் பின்னணி வண்ணம், அதன் தலையில் "அதிகம் விற்பனையாவது" என்ற பட்டை.

இதன் நன்மை வேகம். ஒரே பார்வையில் கண் நடுவில் போய் நிற்கிறது. வரைவதற்கும் ஒரு மணி நேரம் போதும். மாதிரிகளுக்கிடையே உள்ள வேறுபாடு உண்மையிலேயே "இருக்கிறது, இல்லை" என்ற வகையினதாக இருந்தால் இந்த முறையே போதுமானது. சுவிட்ச் பெட்டிகளிலோ சூட்கேஸ்களிலோ அப்படி அமையலாம்.

மின்விசிறியில் இது எங்கே கோணுகிறது என்று பாருங்கள். நேராக டிக் போட்டால் வெல்வது நடு மாதிரி அன்று, இ மாதிரி. அதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆகவே அட்டவணை போடுபவர் நடு மாதிரிக்கு டிக் கூட்டத் தொடங்குகிறார். ரிமோட், நேரம் வைத்து நிறுத்துதல், உறக்க நிலை, அதிவேக நிலை, வேகம் காட்டும் விளக்கு என்று ஐந்து வரிசைகள் வருகின்றன. உண்மையில் அவை ஐந்தும் ஒரு ரிமோட்டும் அதன் பின்னால் உள்ள சிறிய சர்க்யூட்டும்தான். ஒன்றை ஐந்தாக எழுதியதால் அ மாதிரியின் பத்தி முழுவதும் சிவப்புப் பெருக்கல் குறிகளால் நிறைந்து, எதற்கும் உதவாத பொருள் போலத் தோன்றிவிடுகிறது.

அ மாதிரி வெல்லும் இடங்களோ வரிசையாக இடம்பெறுவதே இல்லை. ஏற்கெனவே சுவரில் உள்ள ரெகுலேட்டரோடு அது ஓடும். பழுதானால் பெரும்பாலும் கெப்பாசிட்டரை மாற்றினால் போதும். தெருமுனை எலெக்ட்ரீஷியனே செய்துவிடுவார். தொலைந்துபோக ரிமோட் இல்லை. இவற்றுக்கு டிக் போட ஒரு வரிசை இல்லாதபோது இரண்டாம் அளவுகோல் முழுவதுமாக விழுந்துவிடுகிறது. ஓர் அட்டவணையைக் கையில் கொடுத்தால் நான் முதலில் தேடுவது, விலை நீங்கலாக, மிக மலிவான மாதிரி வெல்லும் வரிசை ஒன்றாவது இருக்கிறதா என்பதைத்தான். இல்லையென்றால் அது ஒப்பீடு என்ற பெயரில் வந்த விளம்பரம்.

சட்டத்தின் பக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிகள், வாங்குபவரைத் திசைதிருப்பும் 13 வகை வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடுக்கின்றன. அவற்றுள் ஒன்று, சில தகவல்களை எடுப்பாகக் காட்டி, தொடர்புடைய மற்றத் தகவல்களை மங்க வைத்து, பயனரை அவர் விரும்பிய செயலிலிருந்து விலக்குவது. நடுப் பத்திக்கு வண்ணம் தருவது மட்டும் இதில் அடங்காது என்பது என் புரிதல். ஆனால் வண்ணம் தந்துவிட்டு, அ மாதிரியின் எழுத்தை வெளிர் சாம்பல் நிறத்தில் போட்டு, "வாங்க" என்ற பொத்தானை அதற்கு மட்டும் சிறிதாக்கினால் அந்த வரையறையின் இரண்டு பாதிகளும் நிறைவேறிவிடுகின்றன. "அதிகம் விற்பனையாவது" என்ற பட்டையும் அப்படியே. எந்த மாதத்தில், எந்தக் கடையில் என்று கேட்டால் காட்டுவதற்குப் பில் புத்தகம் இருக்க வேண்டும்.

மறைந்த செலவு விற்பனைக்குப் பின்னால் வருகிறது. பட்டையைப் பார்த்து வாங்கியவர் தம் காரணத்தை வைத்து வாங்கவில்லை. வீட்டுக்குப் போனதும், "எதற்காக 1,200 ரூபாய் கூடக் கொடுத்தாய்?" என்று கேட்கும் அம்மாவுக்குச் சொல்ல அவரிடம் பதில் இல்லை. அந்தப் பதிலை அட்டவணைதான் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும்.

## இரண்டாம் வழி: விலை உயர்ந்த மாதிரியைத் துணைக்கு நிறுத்துவது

இந்த முறையில் வரிசைகளின் மேல் அக்கறை குறைவு. எந்த மாதிரிகளை அருகருகே வைப்பது என்பதே முக்கியம். இதற்கு அடிப்படையாக நன்கு அறியப்பட்ட ஆய்வு ஒன்று உண்டு. இட்டமார் சைமன்சனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1992-இல் வெளியிட்டது அது. ஏறத்தாழ 170 டாலர், 240 டாலர் விலையுள்ள இரண்டு மினோல்டா கேமராக்களை மட்டும் காட்டியபோது மக்கள் பாதிக்குப் பாதியாகப் பிரிந்தார்கள். 470 டாலர் கேமரா ஒன்றையும் மூன்றாவதாகச் சேர்த்துக் காட்டியபோது நடுவில் உள்ளதை 57 சதவீதம் பேர் தேர்ந்தார்கள். மலிவானதற்கு 22 சதவீதம், விலை உயர்ந்ததற்கு 21 சதவீதம் பேர். மலிவானதும் நடுவில் உள்ளதும் எந்த வகையிலும் மாறவில்லை. பக்கத்தில் வந்து நின்றதுதான் மாறியது. இரு ஓரங்களையும் தவிர்த்து இடைப்பட்டதை நாடும் மனப்போக்கு என்று இதை விளக்கினார்கள்.

இதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1982-இல், ஹியூபர், பெய்ன், புட்டோ என்ற மூவர் வேறொரு வகையைக் காட்டியிருந்தார்கள். ஒரு பொருளைவிட எல்லா வகையிலும் தாழ்ந்த இன்னொன்றை அதன் பக்கத்தில் வைத்தால், அந்தப் பொருளின் பங்கு கூடுகிறது. நம் எடுத்துக்காட்டில், ரிமோட் இல்லாத ஒரு பிஎல்டிசி விசிறியை 2,950 ரூபாய்க்கு ஆ மாதிரியின் பக்கத்தில் வைப்பதைப் போன்றது இது. 50 ரூபாய் குறைவாகக் கொடுத்தே ரிமோட்டும் கிடைக்கிறதே என்று ஆ மாதிரி திடீரென்று லாபமாகத் தெரியும்.

இரண்டுக்கும் இடையில் நான் ஒரு கோடு போடுகிறேன். முதல் வகையில் இ மாதிரிக்கு உண்மையான வாங்குபவர் உண்டு. படுக்கையிலிருந்து எழ முடியாத பெரியவரின் அறையில், குரலால் இயக்க விரும்புபவர் இருக்கலாம். புது வீட்டில் விளக்கையும் விசிறியையும் ஒன்றாக மாட்ட விரும்புபவர் இருக்கலாம். அவருக்காக இ மாதிரி கடையில் இருக்கிறது. அது இருப்பதால் நடு மாதிரிக்கும் கொஞ்சம் நன்மை. இதில் குறை காண ஒன்றுமில்லை. இரண்டாம் வகையில், ஒருவரும் வாங்கக் கூடாது என்பதற்காகவே ஒரு பொருள் நிறுத்தப்படுகிறது. யாராவது அதையே கேட்டுவிட்டால் "ஸ்டாக் இல்லை" என்று சொல்ல வேண்டிவரும். இப்படித் தூண்டிலாக நிறுத்திய பொருளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், கடந்த ஆறு மாதத்தில் அது எத்தனை விற்றது, இப்போது கிடங்கில் எத்தனை இருக்கிறது என்ற இரண்டு கேள்விகள் போதும்.

ஆனால் முதல் வகையிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இ மாதிரியைச் சேர்த்ததால் நடுவுக்கு நகர்ந்தவர்களில், அ மாதிரியே போதுமாக இருந்தவர்களும் அடக்கம். விருந்தினர் அறைக்கு விசிறி தேடி வந்தவரும் அவர்களோடு நகர்கிறார். இந்த முறை தனியாக நின்றால் அவரைத் தடுத்து நிறுத்த அதனிடம் எதுவும் இல்லை. ஆகவே மூன்றாம் அளவுகோலில் இது பாதியில்தான் தேறுகிறது. "இதை இங்கே வைத்தது நடுவில் உள்ளதை நீங்கள் பார்க்கத்தான்" என்று சொன்னால் வாங்குபவர் முகம் சுருங்கும்.

செலவும் உண்டு. இ மாதிரியில் பத்து விசிறிகள் கிடங்கில் நின்றால், விற்பனை விலையில் 48,000 ரூபாய்ப் பொருள் மெதுவாக நகரும் சரக்காகக் கிடக்கிறது. இன்னொரு வரம்பையும் சொல்ல வேண்டும். ஃபிரெட்ரிக், லீ, பாஸ்கின் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகள், தாழ்ந்த பொருளைப் பக்கத்தில் வைக்கும் உத்தி எண்களாக எழுதப்பட்ட ஒப்பீட்டில்தான் நன்றாக வேலை செய்கிறது என்றும், பொருளைப் படமாகப் பார்த்தோ நேரில் உணர்ந்தோ தேர்வு செய்யும்போது பெரும்பாலும் மறைந்துவிடுகிறது என்றும் காட்டின. கடைக்குள் விசிறியை ஓடவிட்டு, காற்றும் சத்தமும் எப்படி என்று தலையைத் தூக்கிப் பார்த்து வாங்குபவரிடம் இந்த உத்தியை நம்பி இருப்பதில் பயன் குறைவு.

## மூன்றாம் வழி: பயன்பாட்டு நேரத்தையே வரிசையாக்குவது

இம்முறையில் வசதிகளின் பட்டியல் பின்னுக்குப் போகிறது. வாங்குபவர் தம்மைப் பற்றி அறிந்துள்ள ஒன்று, அதாவது அந்த அறையில் விசிறி தினம் எத்தனை மணி நேரம் ஓடும் என்பது, வரிசையின் தலைப்பாகிறது. கட்டத்துக்குள் ஐந்து ஆண்டுக்கான மொத்தச் செலவு வருகிறது. ஆண்டுக்கு 300 நாள், யூனிட்டுக்கு 5 ரூபாய், முழு வேகம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

| | அ மாதிரி | ஆ மாதிரி | இ மாதிரி |
|---|---|---|---|
| விலை (ரூ.) | 1,700 | 2,900 | 4,800 |
| காற்று (நிமிடத்துக்குக் கன மீட்டர்) | 210 | 220 | 220 |
| முழு வேகத்தில் வாட் | 52 | 30 | 28 |
| தினம் 4 மணி நேரம்: 5 ஆண்டு மொத்தம் (ரூ.) | **3,260** | 3,800 | 5,640 |
| தினம் 12 மணி நேரம்: 5 ஆண்டு மொத்தம் (ரூ.) | 6,380 | **5,600** | 7,320 |
| உத்தரவாதத்துக்குப் பின் வழக்கமாக வரும் பழுது | கெப்பாசிட்டர், சுமார் ரூ.100 | சர்க்யூட் போர்டு, சுமார் ரூ.600 | சர்க்யூட் போர்டு, சுமார் ரூ.900 |
| சுவரில் உள்ள ரெகுலேட்டர் | அப்படியே இருக்கலாம் | இணைப்பிலிருந்து நீக்க வேண்டும் | இணைப்பிலிருந்து நீக்க வேண்டும் |
| 3 விசிறிகள் இன்வெர்ட்டரில் இழுப்பது (வாட்) | 156 | 90 | 84 |
| யாருக்கு | விருந்தினர் அறை, பூஜை அறை, வாடகைக்கு விடும் வீடு | படுக்கையறை, கூடம், கடை | கைபேசியாலோ குரலாலோ இயக்க வேண்டியவர் |

இந்த அட்டவணை நடு மாதிரியை எப்படி முன்னிறுத்துகிறது என்று கவனியுங்கள். தடித்த எண் 5 ஆண்டு மொத்தம் காட்டும் ஒவ்வொரு வரிசையிலும் மிகக் குறைந்த செலவைத்தான் காட்டுகிறது. எந்த மாதிரிக்கும் சலுகை இல்லை. ஆனால் விசிறி வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் படுக்கையறைக்கோ கூடத்துக்கோ வாங்க வருகிறார்கள். அவர்களின் கண் 12 மணி நேர வரிசையில் விழுகிறது. அங்கே தடித்த எண் நடுவில் இருக்கிறது. 4 மணி நேர வரிசையில் விழுபவரை அதே தடித்த எழுத்து அ மாதிரிக்கு அனுப்பிவைக்கிறது. தூண்டுதலும் விடுவிப்பும் ஒரே கருவியால் நடப்பதால்தான் இந்த முறை மூன்றாம் அளவுகோலில் தேறுகிறது. காரணத்தைச் சொன்னால் வாங்குபவரின் நம்பிக்கை கூடும்.

இதைச் சரியாகச் செய்வது கடினம். முதல் தடவை நானே தவறினேன். அ மாதிரிக்கு 52 வாட் என்று போட வேண்டிய இடத்தில் 75 வாட் என்று போட்டிருந்தேன். பல ஆண்டுகளாக எல்லா விளம்பரங்களிலும் "சாதா விசிறி 75 வாட்" என்று படித்த பழக்கம். ஆனால் 2023 ஜனவரி 1 முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமாகிவிட்டது. ஒரு நட்சத்திரம் பெறவே ஒரு வாட்டுக்கு நிமிடத்துக்கு 4 கன மீட்டர் காற்று தர வேண்டும் என்று அப்போது வைக்கப்பட்டது. 210 கன மீட்டர் தரும் விசிறி அந்த வரம்புக்குள் இருக்க வேண்டுமானால் 52 வாட்டுக்குச் சற்று மேல் வரைதான் எடுக்க முடியும். ஆகவே 75 வாட் என்பது வாங்குபவரின் வீட்டுக் கூரையில் தொங்கும் பழைய விசிறியின் எண். அலமாரியில் உள்ள அ மாதிரியின் எண் அன்று.

இந்த ஒரு எண்ணால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 52 வாட் என்று வைத்தால், தினம் ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஐந்து ஆண்டில் 33 யூனிட், அதாவது 165 ரூபாய், ஆ மாதிரியால் மிச்சமாகிறது. விலை வேறுபாடான 1,200 ரூபாயை ஈட்டத் தினம் ஏறத்தாழ 7¼ மணி நேரம் ஓட வேண்டும். 75 வாட் என்று போட்டால் அதே 1,200 ரூபாய் தினம் மூன்றரை மணி நேரத்திலேயே வந்துவிடுவதாகத் தெரியும். அந்த இடைவெளிக்குள் அகப்படுபவர்களை, அதாவது தினம் நான்கு முதல் ஏழு மணி நேரம் ஓட்டுபவர்களை, என் முதல் அட்டவணை பிழையாக நடு மாதிரிக்குத் தள்ளியது. அட்டவணை பார்க்க அழகாகவே இருந்தது. வண்ணமோ பட்டையோ எதுவும் இல்லை. ஒரு கட்டத்தில் இருந்த பழைய எண்ணே போதுமானதாக இருந்தது.

75 வாட்டுக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய விசிறியைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டலாமா என்று கேட்பவருக்கு அது சரியான எண். ஆனால் அவருக்கு அ மாதிரியின் விலையைக் கழிக்க முடியாது, ஏனென்றால் அவர் எதையும் வாங்காமலே இருக்கலாம். 2,900 ரூபாய் முழுவதையும் ஈட்ட, தினம் எட்டரை மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். இது வேறு கேள்வி. வேறு அட்டவணையில் வர வேண்டியது.

இரண்டாவது சிக்கல் பழுது. ஆ மாதிரியின் உத்தரவாதம் மூன்று ஆண்டு என்று வைத்துக்கொண்டு, நான்காம் ஆண்டில் சர்க்யூட் போர்டு ஒரு முறை போவதாகவும், அ மாதிரிக்குக் கெப்பாசிட்டர் ஒரு முறை போவதாகவும் சேர்த்தால் 12 மணி நேர வரிசையில் 6,200-க்கு எதிராக 6,480 என்று ஆகிறது. நடு மாதிரி இன்னும் முன்னால்தான் இருக்கிறது. ஆனால் 780 ரூபாய் முன்னிலை 280 ஆகச் சுருங்கிவிட்டது. இந்தப் பழுதையும் ஈடுகட்ட வேண்டுமானால் தினம் பத்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட வேண்டும். ஆகவே தினம் 7 முதல் 10 மணி நேரம் வரை ஓட்டுபவருக்கு எது லாபம் என்பதை அட்டவணை தீர்ப்பாகச் சொல்லக் கூடாது. அவர் ரிமோட்டுக்காகவும் மின்தடையின்போது இன்வெர்ட்டர் கூடுதல் நேரம் தாங்குவதற்காகவும் ஆ மாதிரியை எடுக்கலாம். பழுது பார்ப்பது எளிது என்று அ மாதிரியையும் எடுக்கலாம். பழுது வரிசையை நீக்கினால் நடு மாதிரி இன்னும் அழகாகத் தெரியும் என்பதே அதை நீக்கக் கூடாது என்பதற்கான காரணம்.

மூன்றாவது, யூனிட்டின் விலை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அந்த 100-க்குள்ளேயே முடித்துக்கொள்ளும் வீட்டில் விசிறி எத்தனை மணி நேரம் ஓடினாலும், மிச்சமாகும் யூனிட்டின் விலை சுழியம்; நடு மாதிரியின் கணக்கே அங்கு நிற்காது. மறுபக்கம், 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குமே கூடுதல் கட்டணம் வருகிறது. 510 யூனிட் பயன்படுத்தும் வீட்டில் ஒரு விசிறியை மாற்றி இரண்டு மாதத்தில் 16 யூனிட்டைக் குறைத்தால், மிச்சம் அந்த 16 யூனிட்டின் விலையோடு நிற்பதில்லை. குறையும் யூனிட்டுகள் எப்போதும் கட்டணப் படிகளின் உச்சியிலிருந்துதான் குறைகின்றன. இவற்றையெல்லாம் அட்டவணைக்குள் திணித்தால் யாரும் படிக்கமாட்டார்கள். அடியில் இரண்டே வாக்கியங்கள் போதும்: "கணக்கு யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று போடப்பட்டது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் வரும் வீடுகளுக்கு மின்கட்டணச் சேமிப்பு இல்லை." இந்த இரண்டாம் வாக்கியத்தைப் படித்துவிட்டு அ மாதிரியை வாங்கிப் போனவர், அடுத்த பொருளுக்கு அந்தக் கடைக்கே வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இ மாதிரியின் 28 வாட் பற்றியும் ஒரு சொல். 2 வாட் குறைவு என்பது தினம் 12 மணி நேரம் ஓடினாலும் ஆண்டுக்கு 36 ரூபாய்தான். வைஃபை இணைப்பு, விசிறி நின்றிருக்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டிருப்பதால் அந்தச் சிறு லாபத்திலும் ஒரு பங்கு கரைந்துவிடும். ஆகவே இ மாதிரியை மின்சாரச் சிக்கனத்தின் பெயரால் விற்கவும் கூடாது, "வீண் செலவு" என்று தாழ்த்தவும் கூடாது. அதை வாங்குவதற்கான காரணம் வசதி. அட்டவணையின் கடைசி வரிசை அதை அப்படியே சொல்கிறது.

## எந்தக் கடைக்கு எது

வாங்குபவர் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காத இடத்தில், மாதிரிகளின் வேறுபாடு இருக்கிறது அல்லது இல்லை என்ற வகையினதாக இருந்தால், முதல் வழி சரி. ஒரே பொருளை ஐந்து வரிசைகளாகப் பிரிக்காமல், மலிவான மாதிரி வெல்லும் வரிசைகளையும் சேர்த்தால் அதன் பெரிய குறை நீங்கிவிடும்.

மூன்று மாதிரிகளையும் உண்மையாகவே விற்கும் கடைக்கு இரண்டாம் வழி தானாக அமைந்துவிடுகிறது. அதற்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. இல்லாத மாதிரியை அதற்காகக் கொண்டுவந்து நிறுத்துவதை நான் எந்தக் கடைக்கும் சொல்லமாட்டேன்.

ஓடும் செலவையும் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய பொருட்களுக்கு, அதாவது விசிறி, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார், வடிகட்டியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய தண்ணீர் சுத்திகரிப்பான் போன்றவற்றுக்கு, மூன்றாம் வழிதான் என் தேர்வு. அதன் விலை உழைப்பு: எண்களைத் தேட வேண்டும், கட்டணம் மாறும்போதெல்லாம் திருத்த வேண்டும், கடைப் பையனுக்கு அந்தக் கணக்கை விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஓடும் செலவே இல்லாத எவர்சில்வர் பாத்திரத்துக்கு இவ்வளவு உழைப்பு வீண்.

கைபேசியில் காட்டுவதானால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்டவணை அகலமாகிப் பக்கவாட்டில் நகர்த்திப் பார்க்கும்படி ஆனால், வலது ஓரத்தில் உள்ள இ மாதிரி பலர் கண்ணில் படாமலே போகிறது. மூன்று மாதிரி அட்டவணை இரண்டு மாதிரி அட்டவணையாகிவிடுகிறது. எழுத்தைச் சிறிதாக்குவதைவிட வரிசைகளின் தலைப்பை மூன்று பத்திகளுக்கும் மேலே தனி வரியாகப் போடுவது நல்லது. அப்போது மூன்று எண்களும் ஒரே திரையில் நிற்கும்.

## தூண்டுதல் எல்லை மீறியதை எப்படி அறிவது

நடு மாதிரியின் விற்பனை கூடியதை வைத்து இதைச் சொல்ல முடியாது. எல்லை மீறினாலும் அது கூடத்தான் செய்யும். நான் செய்வது இது. அட்டவணையை முன்பு பார்த்திராத பத்துப் பேரை அழைத்து, ஐந்து பேரிடம் "விருந்தினர் அறை, தினம் மூன்று மணி நேரம்" என்றும், ஐந்து பேரிடம் "படுக்கையறை, தினம் பன்னிரண்டு மணி நேரம்" என்றும் சொல்லி, தேர்வையும் காரணத்தையும் கேட்கிறேன். முதல் ஐவரில் இருவருக்கு மேல் ஆ மாதிரியைச் சொன்னால் அட்டவணையைத் திருத்துகிறேன். இரண்டாம் ஐவர் ஆ மாதிரியைச் சொன்னாலும், காரணமாக மணி நேரத்தையோ மொத்தச் செலவையோ சொல்லாமல் "நடுவில் இருந்தது", "அதுதான் தடித்திருந்தது" என்றால் அப்போதும் திருத்துகிறேன்.

கடை ஓடும்போது பார்க்க வேண்டியது, முதல் ஒரு மாதத்தில் மாற்றிக் கேட்டு வந்தவர்களின் காரணங்களை. ஆ மாதிரியை வாங்கியவர்கள் "ரெகுலேட்டரோடு ஓடவில்லை" என்று வந்தால், அந்த வரிசை அட்டவணையில் இருந்தும் கண்ணில் படவில்லை என்று பொருள். அதை விலைக்கு அடுத்த இடத்துக்கு ஏற்ற வேண்டும். எலெக்ட்ரீஷியனுக்குத் தனியாகக் கூலி கொடுக்க வேண்டியிருந்தது என்று வந்தால், அந்தக் கூலியை விலை வரிசையிலேயே சேர்த்து எழுத வேண்டும். பணம் கட்டும் இடத்தில் ஒவ்வொன்றாகச் செலவைச் சேர்ப்பதும் மேலே சொன்ன 13 வகைகளில் ஒன்றுதான். அ மாதிரியை வாங்கியவர்கள் "ரிமோட் உள்ளதைச் சொல்லவில்லையே" என்று வந்தால் அட்டவணை எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

அட்டவணையின் மூலையில் கணக்குப் போட்ட மாதத்தையும் ஆண்டையும் எழுதிவையுங்கள். மின்கட்டணமோ நட்சத்திர வரம்போ மாறியதும் 4 மணி, 12 மணி வரிசைகளை முதலில் திரும்பக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். தடித்த எண் வேறு பத்திக்கு மாறியிருந்தால், அடுத்த மாதம் முன்னால் நிற்க வேண்டியது அந்தப் பத்திதான்.